புது மண்டபத்துக்குப் போகும் சின்னக் குழுவுக்கு ஒரு தாள்: லைன் செக் முதல் மானிட்டர் வரை

தருமபுரியில் இருந்து ஆறு பேர் கொண்ட ஓர் இன்னிசைக் குழு, காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வரவேற்பு நிகழ்ச்சிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண் குரல், பெண் குரல், கீபோர்டு, கிட்டார், பேஸ், தாளத்துக்கு தபேலாவும் ஆக்டோபேடும் சேர்த்து வாசிக்கும் ஒருவர். மைக் செட் மண்டபத்துக்காரர் ஏற்பாடு. ஆப்பரேட்டரை இதற்கு முன் பார்த்ததில்லை. மேடை எவ்வளவு அகலம், மிக்சரில் எத்தனை சேனல், பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் தங்கள் ஒலியே கேட்க மேடையில் வைக்கும் மானிட்டர் பெட்டி எத்தனை, எதுவும் தெரியாது. வரவேற்பு 6.30-க்கு. குழு போய் இறங்குவது 3.30-க்கு.

இப்படிப்பட்ட இடத்தில் நேரத்தைத் தின்பது பெரிய பழுது கிடையாது. "அண்ணா, கீபோர்டு வருதா?" "வருது தம்பி, ஆனா அது கிட்டார் சேனல்ல வருது" என்ற வகைப் பேச்சுதான் அரை மணி நேரத்தை விழுங்கும். அதற்கான மருந்து ஒரு ஏ4 தாள். அந்தத் தாளில் என்ன எழுத வேண்டும், ஏன் அந்த வரிசையில் எழுத வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

வரிசையைப் பற்றி முதலில் சொல்லிவிடலாம். ஒலி மைக்கில் புறப்பட்டு, வயர் வழியாக மேடைப் பெட்டிக்கும், அங்கிருந்து பல வயர்களை ஒன்றாகச் சேர்த்த மல்டிகோர் வழியாக மிக்சருக்கும் போகிறது. மிக்சரில் முதலில் உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் கெயின் குமிழ், பிறகு ஆக்ஸ் என்ற தனிக் குமிழ் வழியாக மானிட்டருக்கு ஒரு கிளை, ஃபேடர் என்ற மேலும் கீழும் நகரும் பிடி வழியாக மண்டபத்து ஸ்பீக்கருக்கு இன்னொரு கிளை. தாளும் இதே திசையில்தான் ஓட வேண்டும். கெயினைத் தொட்டால் அதற்குக் கீழே இருக்கும் எல்லாம் மாறும். மானிட்டரைச் சரி செய்து முடித்த பிறகு பாடகியின் கெயினை 6 டெசிபல் ஏற்றினால், எல்லா மானிட்டரிலும் அவர் குரல் 6 டெசிபல் ஏறும். அதுவரை அமைதியாக இருந்த பெட்டி கூவத் தொடங்கும். அதனால்தான் லைன் செக், கெயின், மானிட்டர் என்ற ஒழுங்கை மாற்றக் கூடாது.

தாளின் முகப்பு: சேனல் பட்டியல்

நம் குழுவுக்கு அது இப்படி இருக்கும்.

1. தபேலா வலது – மைக், குட்டை ஸ்டாண்டு
2. தபேலா இடது – மைக், குட்டை ஸ்டாண்டு
3. ஆக்டோபேடு இடது – டி.ஐ. பெட்டி
4. ஆக்டோபேடு வலது – டி.ஐ. பெட்டி
5. பேஸ் – ஆக்டிவ் டி.ஐ., 48 வோல்ட் தேவை
6. கிட்டார் – ஆக்டிவ் டி.ஐ., 48 வோல்ட் தேவை
7. கீபோர்டு இடது – டி.ஐ. பெட்டி
8. கீபோர்டு வலது – டி.ஐ. பெட்டி
9. பெண் குரல் – மைக்
10. ஆண் குரல் – மைக்
11. ட்ராக் இடது – போனில் இருந்து
12. ட்ராக் வலது – போனில் இருந்து
13. அறிவிப்பு மைக் – மானிட்டருக்குப் போகக் கூடாது

டி.ஐ. பெட்டி என்பது கீபோர்டு, கிட்டார் போன்றவற்றின் சாதாரண ஜாக் வயரை, நீளமான மைக் வயரில் இரைச்சல் ஏறாமல் போகும்படி மாற்றித் தரும் சின்னப் பெட்டி. 48 வோல்ட் என்பது மிக்சர் மைக் வயர் வழியாகவே மேடைக்கு அனுப்பும் மின்சாரம், ஃபேண்டம் என்பார்கள். ஆக்டிவ் டி.ஐ. பலவும் கண்டென்சர் மைக்கும் அது இல்லாமல் வேலை செய்யாது.

ஒவ்வொரு வரிக்கும் வலப்பக்கம் மூன்று காலிக் கட்டங்கள் விடுங்கள். முதல் கட்டத்தின் தலைப்பு "இங்கே எந்த எண்". இது சொந்த மைக் செட் உள்ள குழுவுக்குத் தேவைப்படாது. தெரியாத இடத்தில் இதுதான் தாளின் உயிர். ஆப்பரேட்டரின் மல்டிகோரில் நான்காம் துளை போன வருடமே செத்துப் போயிருக்கும். அவருக்கு அது பழகிவிட்டது, உங்களுக்குச் சொல்லத் தோன்றாது. நீங்கள் 4-ல் செருகிவிட்டு ஆக்டோபேடைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். எனவே வணக்கம் சொன்னதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "அண்ணா, எந்தத் துளை வேலை செய்யாது?" அவர் 4 என்றால், ஆக்டோபேடு வலதை 14-க்குக் கொண்டுபோய், கட்டத்தில் 14 என்று எழுதிவிடுங்கள். அடுத்த இரண்டு கட்டங்கள் "லைன்", "கெயின்". முடிந்ததும் டிக்.

எழுத்து பெரியதாக இருக்கட்டும், 14 புள்ளிக்குக் குறையாமல். மேடை இருட்டில் படிக்க வேண்டியது அது. இரண்டு பிரதி: ஒன்று மேடையில் நிற்பவர் கையில், இன்னொன்று மிக்சர் மேல். முந்தைய நாளே வாட்ஸ்அப்பில் ஆப்பரேட்டருக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டால், டி.ஐ. பெட்டி அவரிடம் எத்தனை இருக்கிறது என்ற பதிலாவது வீட்டில் இருக்கும்போதே கிடைத்துவிடும். பல மைக் செட்காரர்களிடம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். நம் பட்டியலுக்கு ஆறு வேண்டும். இரட்டை டி.ஐ. என்றால் கீபோர்டுக்கு ஒன்று, ஆக்டோபேடுக்கு ஒன்று, பேஸுக்கும் கிட்டாருக்கும் ஆளுக்கொன்று, நான்கு பெட்டியில் முடியும்.

பெட்டி கிடைக்காவிட்டால் கீபோர்டை ஒற்றை வயரில் அனுப்பலாம். அப்போது "எல்/மோனோ" என்று எழுதியிருக்கும் துளையில்தான் செருக வேண்டும். வலது துளையில் மட்டும் செருகினால் பாதி ஒலிதான் வரும். ஆக்டோபேடுக்கும் இதே கணக்கு.

வயர் செருகும் முன்: கரண்ட்

இதற்குத் தாளில் நான்கு வரி போதும், ஆனால் முதலில் வர வேண்டிய நான்கு வரி. மேடையில் இருக்கும் எல்லாப் பெட்டியும் மிக்சரும் ஒரே போர்டில் இருந்து கரண்ட் எடுக்கட்டும். சீரியல் லைட்டும் டிம்மரும் வேறு போர்டில் போகட்டும். ஜெனரேட்டருக்கு மாறும்போது டிஜிட்டல் மிக்சர் அணைந்து எழும், அதற்கு யு.பி.எஸ். இருக்கிறதா என்று கேளுங்கள்.

நான்காவது வரி உயிர் சம்பந்தப்பட்டது. கிட்டார்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் வாய் வைக்கும்போது ஷாக் அடிப்பது, இரண்டுக்கும் எர்த் ஒன்றாக இல்லாததால். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் இன்னொரு முனையை மைக் வலையிலும் வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 0 காட்ட வேண்டும். பத்துக்கணக்கிலோ நூற்றுக்கணக்கிலோ காட்டினால் எங்கோ எர்த் இல்லை. மண்டபத்து எலெக்ட்ரீஷியன் வந்து சரி செய்யும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது. இரைச்சல் போக வேண்டும் என்று பிளக்கின் நீளமான எர்த் காலை வெட்டுவதும், அதில் டேப் சுற்றுவதும் நம் பக்கம் இன்னும் நடக்கிறது. இரைச்சலைத் தீர்க்க டி.ஐ. பெட்டியில் "கிரவுண்ட் லிஃப்ட்" என்ற பொத்தான் இருக்கிறது. அது ஒலி வயரின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும், கரண்ட் எர்த்தைத் தொடாது.

லைன் செக்: மூன்றே கேள்விகள்

லைன் செக்கும் சவுண்ட் செக்கும் ஒன்று என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. லைன் செக்கில் ஒலி நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. மூன்று கேள்விகள்தான். வர வேண்டிய எண்ணில் வருகிறதா? சுத்தமாக வருகிறதா? அது மட்டும் வருகிறதா?

செய்யும் முறை இது. மண்டபத்து ஸ்பீக்கரும் மானிட்டரும் கீழே இறங்கியிருக்கும். ஆப்பரேட்டர் ஹெட்போன் மாட்டி, ஒவ்வொரு சேனலாக பி.எஃப்.எல். பொத்தானை அழுத்திக் கேட்பார். அந்தப் பொத்தான் ஃபேடர் கீழே இருந்தாலும் அந்த ஒரு சேனலை மட்டும் ஹெட்போனுக்குக் கொடுக்கும். மேடையில் ஒருவர் தாளுடன் நிற்பார். அவர் எண்ணைச் சொல்வார், அந்த வாத்தியக்காரர் மட்டும் வாசிப்பார், ஆப்பரேட்டர் கை காட்டுவார், டிக். ஒரு சேனலுக்கு 30 வினாடி. பதின்மூன்று சேனலுக்கு ஏழு நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

முடியாமல் இழுப்பதற்கு ஒரே காரணம்தான் பெரும்பாலும்: மற்றவர்களும் வாசித்துக்கொண்டிருப்பது. கிட்டார்காரர் ஸ்ருதி கூட்டுவார், கீபோர்டுகாரர் புதுப் பாட்டின் பி.ஜி.எம். பழகுவார். தபேலா மைக்கில் கேட்பது தபேலாவா, பின்னால் வாசிக்கும் ஆக்டோபேடா என்று ஹெட்போனில் பிரித்தறிய முடியாது. அதனால் தாளின் உச்சியில் தடித்த எழுத்தில் ஒரு வரி: "தன் எண் கூப்பிடும்வரை யாரும் கை வைக்கக் கூடாது." குரல் மைக்கில் ஊதுவதும் தட்டுவதும் வேண்டாம். "ஒன்பது, பெண் குரல்" என்று எண்ணையும் பெயரையும் சொன்னாலே போதும். எதிர்முனையில் இருப்பவருக்கு அதுவே சரிபார்ப்பு. ஒயர்லெஸ் மைக் என்றால் புது பேட்டரி போட்டு, எல்லா ஒயர்லெஸ்ஸையும் ஒரே நேரத்தில் ஆன் செய்து, பாடகி நடக்கப்போகும் இடமெல்லாம் நடந்து பேசிக்காட்ட வேண்டும்.

இரண்டாவது கேள்வியில் கேட்க வேண்டிய இரைச்சல்கள் சில உண்டு. அடிவயிற்றில் "ம்ம்ம்" என்று நிற்பது கரண்டின் 50 ஹெர்ட்ஸ் ஓசை. எர்த் சுற்றில் தேடுங்கள். "ஸ்ஸ்ர்ர்" என்று கூர்மையாக இருப்பது பெரும்பாலும் டிம்மர் அல்லது லைட். அவற்றை ஒரு முறை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வயரை அசைக்கும்போது மட்டும் "கரகர" என்றால் பிளக்கில் ஈயப்பற்று விட்டிருக்கிறது. அந்த வயரின் மேல் முடிச்சுப் போட்டு ஒதுக்கிவிடுங்கள். முடிச்சுப் போடாத பழுது வயர் அடுத்த நிகழ்ச்சியில் கண்டிப்பாகத் திரும்பி வரும்.

6-ல் ஒலி இல்லை: தேடும் விதம்

கிட்டார்காரர் வாசிக்கிறார், ஹெட்போனில் ஒன்றுமில்லை. இந்த இடத்தில் மூன்று பேர் மூன்று வயரைப் பிடுங்கினால் கதை முடிந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதும் ஒலி வந்தால் பழுது அங்கே.

முதலில் கண்ணால் பார்க்கக்கூடியவை. ஆக்டிவ் டி.ஐ.யில் விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் 48 வோல்ட் போகவில்லை. சேனலை ம்யூட் செய்து, 48 வோல்ட் பொத்தானை அழுத்தி, ஐந்து வினாடி விட்டு ம்யூட்டை எடுக்கச் சொல்லுங்கள். ம்யூட் இல்லாமல் அழுத்தினால் "டப்" என்று விழும் அடி ஸ்பீக்கரைத் தாக்கும். விளக்கு எரிகிறது, ஒலி இல்லை என்றால், கிட்டாருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். பிக்கப் வைத்த பல அக்கூஸ்டிக் கிட்டார்களில் வயர் செருகியிருக்கும் நேரமெல்லாம் பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும். முந்தைய நாள் ஒத்திகை முடித்து வயரோடு சாய்த்து வைத்திருந்தால், இன்று மண்டபத்தில் அது தீர்ந்திருக்கும்.

அதுவும் சரி என்றால் பிறகு மாற்றிப் பார்க்கும் வேலை. நல்ல நிலையில் இருக்கும் 10-ம் எண்ணின் மைக்கைக் கழற்றி, 6-ன் மைக் வயர் முனையில் மாட்டிப் பேசுங்கள். பேச்சு வந்தால் வயர், துளை, மிக்சர் மூன்றும் நல்லவை, பழுது டி.ஐ.யிலோ கிட்டார் ஜாக் வயரிலோதான். பேச்சு வராவிட்டால் வயரை மட்டும் மாற்றுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் மேடைப் பெட்டியில் வேறு துளை. இப்படிப் பாதை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். நான்கு மாற்றத்துக்குள் இடம் தெரிந்துவிடும். காரணம் கண்டுபிடிக்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனால், காலித் துளை ஒன்றுக்கு மாறி, கட்டத்தில் புது எண்ணை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பழுதை ஆராய நிகழ்ச்சி முடிந்த பிறகு நேரம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. சின்ன மிக்சர்களில் 48 வோல்ட்டுக்கு எல்லாச் சேனலுக்கும் சேர்த்து ஒரே பொத்தான்தான் இருக்கும். சாதாரண டைனமிக் குரல் மைக்குக்கு, வயர் சரியாக இருக்கும்வரை அதனால் கெடுதல் இல்லை. ஆனால் டி.ஐ. இல்லாமல், ஒரு முனை ஜாக்கும் மறுமுனை மைக் பிளக்கும் வைத்த வயரில் கீபோர்டை நேரடியாக மைக் துளையில் செருகியிருந்தால், அந்த வோல்ட் கீபோர்டின் வெளியீட்டுக்குள் ஏறும். கீபோர்டு கெடலாம்.

ட்ராக்கில் பேஸும் குரலும் காணாமல் போவது

இந்தப் பழுது இப்போது அடிக்கடி வருவதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். போனில் இருந்து ட்ராக், அதாவது முன்பே பதிவு செய்த பின்னணி இசை, ஓடுகிறது. ஒலி வருகிறது, ஆனால் பேஸும் கிக்கும் இல்லை, நடுவில் இருக்க வேண்டிய கோரஸ் தூரத்தில் குகைக்குள் இருந்து கேட்பது போல் இருக்கிறது. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு போனைத் தேடுவார்கள்.

காரணம் வயரில் இருக்கிறது. போனின் ஸ்டீரியோ பின்னில் இடது, வலது என இரண்டு ஒலி. அதை ஒரே ஸ்டீரியோ ஜாக்கில் முடித்து மிக்சரின் ஒரு பேலன்ஸ்டு துளையில் செருகினால், அந்தத் துளை இரண்டையும் கூட்டாது. ஒன்றில் இருந்து இன்னொன்றைக் கழிக்கும். பேலன்ஸ்டு துளையின் வேலையே அதுதான், வழியில் ஏறும் இரைச்சலை அப்படித்தான் அது நீக்குகிறது. இடதிலும் வலதிலும் ஒரே மாதிரி இருக்கும் பேஸ், கிக், குரல் எல்லாம் கழிந்து 0 ஆகிவிடும். இரண்டிலும் வேறு வேறாக இருப்பவை மட்டும் மிஞ்சும். தீர்வு, ஒரு பக்கம் போன் பின்னும் மறுபக்கம் இரண்டு தனித்தனி மோனோ ஜாக்கும் உள்ள வயர். அதற்காகத்தான் பட்டியலில் 11, 12 என இரண்டு எண்கள். அவசரத்துக்கு இடது ஜாக்கை மட்டும் செருகினாலும் பேஸ் திரும்பிவிடும்.

கெயின்

இதில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: நிகழ்ச்சியில் வாசிக்கும் அளவுக்கு வாசிக்க வேண்டும். "ஹலோ, செக்" என்று மெல்லச் சொல்லி கெயின் வைத்தால், பாடகி உச்ச ஸ்தாயியில் சரணத்தைப் பிடிக்கும்போது சிவப்பு விளக்கு எரியும். அப்போது ஆப்பரேட்டர் கெயினைக் குறைப்பார், மேடையில் எல்லோருக்கும் மானிட்டரில் குரல் திடீரென்று இறங்கும். பட்டியலில் இருப்பதிலேயே உரத்த பாட்டு எதுவோ, அதன் உச்ச வரியைத்தான் இங்கே பாட வேண்டும். கீபோர்டுகாரர் தன்னிடம் இருப்பதிலேயே சத்தமான டோனை, வால்யூம் முக்கால் அளவில் வைத்து வாசிக்கட்டும். பிறகு அந்த வால்யூம் குமிழின் பக்கத்தில் ஒரு டேப் ஒட்டிக் கோடு போடுங்கள். நிகழ்ச்சி நடுவே அது நகர்ந்தால் கெயின் வைத்த வேலை வீண்.

டிஜிட்டல் மிக்சர் மீட்டரில் சராசரி -18 பக்கம் நின்று, உச்சம் -6-ஐத் தாண்டாமல் இருந்தால் போதும். பழைய அனலாக் மிக்சரில் சராசரி 0 பக்கம். குரல் மைக்குகளில் லோ கட் பொத்தானை அழுத்திவிடுங்கள். 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே குரலில் பயன் தருவது ஒன்றும் இல்லை, மேடைப் பலகை அதிர்வுதான் அங்கே வரும். கெயின் கட்டத்தில் பதின்மூன்று டிக் விழுந்த பிறகு, அந்தக் குமிழ்களைத் தொடுவதில்லை என்று ஆப்பரேட்டரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மானிட்டர்

மண்டபத்து ஒலிக்கு முன் மானிட்டர். மேடையில் இருக்கும் மானிட்டர் சத்தம் பின்பக்கமாகக் கசிந்து மண்டபத்துக்குள்ளும் போகும். தரையில் டைல்ஸ், நான்கு பக்கமும் சிமெண்டுச் சுவர், காலி நாற்காலி என்று இருக்கும் மண்டபத்தில் அந்தக் கசிவே பெரிய முழக்கம். அது எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் முன் ஸ்பீக்கரை அமைக்க முடியும்.

ஆப்பரேட்டரிடம் கேட்க வேண்டியது: மானிட்டருக்குப் போகும் ஆக்ஸ் "ப்ரீ ஃபேடர்" ஆக இருக்கிறதா? ப்ரீ என்றால், மண்டபத்துக்காக அவர் ஃபேடரை ஏற்றி இறக்கினாலும் மானிட்டர் அசையாது. போஸ்ட் என்றால் ஒவ்வொரு அசைவும் மேடையில் கேட்கும். மூன்று ஆக்ஸ் கிடைத்தால் முன்னால் பாடகர்கள் இருவருக்கும் ஒன்று, தாளத்துக்கு ஒன்று, கீபோர்டு, கிட்டார், பேஸ் மூவருக்கும் ஒன்று என்று பிரிக்கலாம். ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதைப் பாடகர்களுக்குக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் நெருங்கி நிற்க வேண்டும்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதை மைக்தான் முடிவு செய்யும். ஷூர் எஸ்.எம்.58 போன்ற கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்புறம்தான் காது மந்தம். எனவே பெட்டி மைக்கின் வால் நீட்டும் திசையில், பாடகருக்கு நேர் எதிரே இருக்கலாம். பீட்டா 58ஏ போன்ற சூப்பர் கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும். அதன் மந்தமான இடம் பின்பக்கமாக இரு ஓரத்திலும் இருக்கிறது. அதற்குப் பெட்டியை நேர் எதிரில் இருந்து நகர்த்திப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். தபேலாவுக்கு மைக் மேலிருந்து தோலைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். பெட்டி அந்த இரண்டு மைக்கின் முகத்துக்கும் எதிரே வராதபடி பாருங்கள். மண்டபத்து முன் ஸ்பீக்கர்கள் பாடகர்களுக்குப் பின்னாலோ அவர்களுக்கு இணையாகவோ நிற்கின்றனவா என்பதையும் இப்போதே பாருங்கள். அவை மைக்குகளைவிட முன்னால், கூட்டத்தின் பக்கம் இருந்தாக வேண்டும். சில மண்டபங்களில் பூ அலங்காரத்துக்காக அவற்றைப் பின்னால் தள்ளியிருப்பார்கள். அதை எந்த ஈக்வலைசரும் சரி செய்யாது.

இப்போது ஒலி. எல்லா ஆக்ஸும் முழுவதும் இறங்கிய நிலையில் இருந்து தொடங்கட்டும். முதலில் பாடகியின் மைக்கை அவர் பெட்டியில் ஏற்றுங்கள், அவர் பாடிக்கொண்டே கை காட்டி நிறுத்தும்வரை. பிறகு ஆண் குரல். அதன் பிறகு ஸ்ருதிக்குக் கீபோர்டு கொஞ்சம், தாளத்துக்கு ஆக்டோபேடு கொஞ்சம். இதற்கு மேல் யாராவது "எனக்கு இன்னும் வேணும்" என்றால், கூட்டுவதற்கு முன் எதைக் குறைக்கலாம் என்று கேளுங்கள். குரல் கேட்கவில்லை என்பவரின் பெட்டியில் கீபோர்டை இறக்கினால் குரல் தானாக மேலே வரும். எல்லோரும் கூட்டிக்கொண்டே போனால் பத்தாவது நிமிடத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. ஒரு சின்ன ஏற்பாடு: முதலில் வாத்தியத்தைச் சுட்டிக்காட்டு, பிறகு கட்டைவிரல் மேலே அல்லது கீழே. "அண்ணா… மானிட்டர்ல… கொஞ்சம்…" என்று பாட்டு நடுவே மைக்கில் பேசுவதை இது நிறுத்தும்.

அடுத்து கூவலைக் கண்டுபிடிப்பது. நிகழ்ச்சியில் எத்தனை மைக் திறந்திருக்குமோ அத்தனையையும் இப்போதே திறந்து வையுங்கள். ஒரே அளவில் திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பானால், கூவாமல் ஏற்றக்கூடிய அளவு சுமார் 3 டெசிபல் குறையும். இரண்டு மைக்கை மட்டும் வைத்துச் சோதித்துவிட்டு ஐந்தைத் திறந்தால் ஏமாற்றம்தான். அறிவிப்பு மைக்கை மானிட்டருக்கு அனுப்பாமல் வைத்திருப்பதற்கும் இதுவே காரணம். வாழ்த்துச் சொல்ல மாமாவோ சித்தப்பாவோ அதைக் கையில் வாங்கி எங்கே நிற்பார், எந்தப் பெட்டிக்கு நேரே நீட்டுவார் என்று யாருக்கும் தெரியாது.

பாடகி மைக்கை வழக்கமாகப் பிடிக்கும் இடத்தில் பிடித்து நிற்கட்டும். ஆப்பரேட்டர் ஆக்ஸை மெல்ல மெல்ல ஏற்றுவார். ஓர் இடத்தில் குரலின் வால் "ங்ங்ங்" என்று நீளும். கூவலின் வாசல் அது. அங்கே நிறுத்தி, அந்த ஓசை எந்த அலைவரிசையில் என்று பார்த்து, ஈக்வலைசரில் அதை மட்டும் 3 டெசிபல் குறைக்க வேண்டும். தோராயமாக, "ஹூ" என்று அடியில் முழங்கினால் 250 ஹெர்ட்ஸ் பக்கம், "ஆ" என்று நடுவில் நின்றால் 1000 பக்கம், விசில் அடித்தால் 2500-க்கு மேல். பிறகு இன்னும் ஏற்றி அடுத்த வாசலைத் தேடலாம். மூன்று, நான்கு இடத்தைக் குறைத்த பின்னும் கூவினால் அதற்கு மேல் வெட்டாதீர்கள், குரலே தட்டையாகிவிடும். பெட்டியைத் திருப்புங்கள், அல்லது மைக்கை வாய்க்கு நெருக்குங்கள். உதட்டுக்கும் மைக்குக்கும் இருக்கும் தூரம் 10 சென்டிமீட்டரில் இருந்து 5 ஆனால் ஏறத்தாழ 6 டெசிபல் இலவசமாகக் கிடைக்கும். எல்லாம் முடிந்ததும், கண்ட எல்லையில் இருந்து ஆக்ஸை 3 டெசிபல் இறக்கி அங்கேயே நிறுத்துங்கள். பாட்டு சூடாகும்போது தேவைப்படும் இடைவெளி அது.

பாடகர்களுக்குத் தாளில் இரண்டு வரி. மைக்கின் வலையைக் கையால் பொத்தாதீர்கள்; அதன் பின்பக்கத் துளைகள் அடைபட்டால் மைக் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கும், பெட்டிக்குப் பின்புறம் காட்டி வைத்ததெல்லாம் வீணாகும். பாடாத நேரத்தில் கையைத் தொங்கப் போடாதீர்கள்; தொங்கும் கையில் மைக்கின் முகம் நேராகப் பெட்டியைப் பார்க்கும். இடுப்புக்கு மேலே, மார்பை ஒட்டிப் பிடியுங்கள்.

கடைசியாக ஒரு முழுப் பாட்டு, பட்டியலிலேயே உரத்தது, மண்டபத்து ஸ்பீக்கரும் திறந்து. அதில் தெரியும் குறையை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். நம் குழுவின் கணக்கில் கரண்டுக்கு 10 நிமிடம், வயர் போட 30, லைன் செக் 7, கெயின் 12, மானிட்டர் 20, பாட்டு 10. ஒன்றரை மணி நேரம். 3.30-க்கு இறங்கியவர்கள் 5 மணிக்கு முடித்துவிடலாம். கூட்டம் வருவதற்கு முன் ஒரு பழுதுக்கு இடம் இருக்கும். கோயில் திருவிழா போன்ற திறந்தவெளி நிகழ்ச்சி என்றால் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கம். சிறப்பு அனுமதி இல்லாமல் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதி. தொடக்கத்தில் இழந்த அரை மணியை முடிவில் நீட்டிக்க முடியாது.

ஆப்பரேட்டர் டிஜிட்டல் மிக்சரில் அமைப்பைச் சேமிக்கட்டும். அனலாக் என்றால் குமிழ்கள் தெரியும்படி போனில் ஒரு படம். கிட்டார்காரர் வயரைப் பிடுங்குவதற்கு முன் ம்யூட் கேட்க வேண்டும். பிடுங்கி வைத்தால்தான் அந்த 9 வோல்ட் பேட்டரி 6.30 வரை தாங்கும்.